சளியோடு ஓடலாம், சரி; வேக ஓட்டத்துக்கு எப்போது திரும்புவது?

செவ்வாய்க்கிழமை காலை 5 மணிக்குக் கைப்பேசியை எடுத்தபோது, எங்கள் ஓட்டக் குழுவில் இருக்கும் ஒரு தங்கையின் செய்தி வந்திருந்தது. "அண்ணே, ராத்திரியிலேருந்து தொண்டை கரகரன்னு இருக்கு, மூக்கும் ஒழுகுது. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. எல்லாம் கழுத்துக்கு மேலதான். இன்னிக்கி 800 ஓடலாமா?"

அன்று காலை ஜெலுத்தோங் பக்கம், கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரச் சாலையில் 800 மீட்டரை 6 முறை வேகமாக ஓட வேண்டும் என்று அட்டவணையில் இருந்தது. அவருக்கு 38 வயது, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பினாங்குப் பாலம் ஓட்டத்தில் அரை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒரு பயிற்சி விட்டுப்போனாலும் அவருக்கு மனசு கேட்காது.

அறிகுறிகள் கழுத்துக்கு மேலேயா கீழேயா என்று பார்க்கும் கழுத்துச் சோதனையை அவர் சரியாகத்தான் செய்திருந்தார். ஆனால் அந்தச் சோதனை பதில் சொல்லாத கேள்வி ஒன்றுக்கு அதனிடம் பதில் எதிர்பார்த்தார். இன்று மெதுவாக ஓடலாமா என்பது ஒரு கேள்வி. வேகப் பயிற்சி செய்யலாமா என்பது வேறு கேள்வி. கழுத்துச் சோதனை முதல் கேள்விக்காக வந்தது. பினாங்கிலும் சரி, கோலாலம்பூரிலும் சரி, ஓடுகிற நம் ஆட்கள் பலர் இரண்டுக்கும் அதையே வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன்.

இந்தச் சோதனையைப் பரப்பியவர் ரேண்டி ஐக்னர் என்ற அமெரிக்க விளையாட்டு மருத்துவர், 1990களில். மூக்கொழுகல், மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு, இவை மட்டும் இருந்தால் கோளாறு கழுத்துக்கு மேலே. நெஞ்சுச் சளி, நெஞ்சிலிருந்து வரும் இருமல், மூச்சிரைப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கழுத்துக்குக் கீழே. காய்ச்சலும் உடம்பு வலியும் எந்த ஒரு இடத்துக்கும் சேராதவை, அவற்றையும் கீழே என்றே கணக்கு வைக்க வேண்டும். கீழே என்றால் ஓட்டம் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். பலரும் மறந்துபோவது இதன் பின்பாதியைத்தான். எல்லாமே கழுத்துக்கு மேலே இருந்தாலும், வழக்கமான வேகத்தில் பாதியில்தான் தொடங்க வேண்டும். 10 நிமிடம் போனதும் உடம்பு லேசானால் தொடரலாம், தலை கனத்தால் நடந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சோதனையே மெதுவோட்டத்தை மனதில் வைத்துச் செய்தது என்பது இதிலேயே தெரிகிறது.

கோடு ஏன் கழுத்தில் விழுகிறது? சாதாரணச் சளியைக் கொடுக்கும் ரைனோ வைரஸ் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும்தான் பெருகுகிறது. காய்ச்சலும் உடம்பு வலியும் வந்துவிட்டால், உடம்பு முழுவதும் சண்டையில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 கூடும். பினாங்கில் விடியற்காலையிலேயே 25 டிகிரி, காற்றில் ஈரம் வேறு, வியர்வை காயாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே சூடாக இருக்கும் உடம்பு அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? இதைவிடப் பெரிய பயம் இதயத்தசை அழற்சி. காக்சாக்கி போன்ற சில வைரஸ்கள் இதயத்தசையையும் தாக்கக்கூடியவை. அந்த வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்தவிட்டுச் சோதித்தபோது, சும்மா இருந்த எலிகளைவிட நீந்தியவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது. மனிதர்களுக்கு இது அரிதாகத்தான் வருகிறது. ஆனால் காய்ச்சலோடு ஓடும் ஒருவருக்கு, தன்னைப் பிடித்திருப்பது எந்த வைரஸ் என்று தெரிய வழியே இல்லை.

மேலே என்றால் ஓடலாம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னர் குழுவினர் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. 50 பேருக்கு மூக்கு வழியாக ரைனோ வைரஸைச் செலுத்திச் சளி பிடிக்க வைத்தார்கள். 34 பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள், மீதி 16 பேர் செய்யவில்லை. சளியின் கடுமையிலும் அது நீடித்த நாட்களிலும் இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சளியோடு ஓடினால் ஒன்றும் ஆகாது என்று குழுக்களில் பேசிக்கொள்வதன் வேர் இதுதான்.

ஆனால் அவர்கள் எவ்வளவு கடினமாகப் பயிற்சி செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு இருப்பில் 70 சதவீதம். உச்சத் துடிப்புக்கும் ஓய்வுத் துடிப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் இருப்பு. நம் தங்கைக்கு உச்சம் 184, ஓய்வில் 56, இடைவெளி 128. அதில் 70 சதவீதம் 90, அதோடு 56ஐக் கூட்டினால் 146. அவர் 800 மீட்டரை வேகமாக ஓடும்போது துடிப்பு 170ஐத் தாண்டும். அந்த ஆய்வு 146இல் நின்றுவிட்டது. அதற்கு மேலே என்ன நடக்கும் என்று அது பார்க்கவே இல்லை. இன்ஃபுளுவென்சாவையோ கோவிடையோ அது தொடவும் இல்லை. லேசான சளி, மிதமான பயிற்சி, அவ்வளவுதான் அதன் எல்லை.

அதனால் 800 வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். காய்ச்சல் இல்லை, 36.7. ஆனால் எழுந்ததும் படுக்கையிலேயே எடுத்த துடிப்பு 56க்குப் பதில் 62 என்றார். "25 நிமிஷம் சும்மா மெதுவா போம்மா, 140ஐத் தாண்டினா நட" என்றேன். அன்று ஓட்டமே வேண்டாம், நடந்தால் போதும் என்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். ஓய்வுத் துடிப்பு 6 கூடியிருந்ததை நான் இன்னும் மதித்திருக்க வேண்டும்.

ஓடி முடித்துவிட்டு அவர் எழுதியது: "பத்து நிமிஷத்துலயே மூக்கு நல்லா திறந்துடுச்சு அண்ணே. 800 போயிருக்கலாம் போல."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சளியில் மூக்கு அடைத்துக்கொள்வதற்குச் சளி மட்டும் காரணமில்லை. மூக்கின் உள்சவ்வில் உள்ள ரத்த நாளங்கள் வீங்கி வழியை அடைக்கின்றன. ஓடத் தொடங்கியதும் அட்ரினலின் சுரந்து அந்த நாளங்கள் சுருங்குகின்றன, மூக்கு திறக்கிறது. ஆவி பிடித்த சுகம் போல இருக்கும். ஓட்டம் நின்ற கொஞ்ச நேரத்தில் நாளங்கள் திரும்ப வீங்கும், மூக்கும் பழையபடி அடைக்கும். மூக்கு திறந்தது ஓட்டத்தின் வேலை, நோய் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. ஆகவே அந்த 10 நிமிடத்தில் கவனிக்க வேண்டியது மூக்கை அல்ல, கால்களை. வழக்கமான மெதுவேகமே பாரமாக இருக்கிறதா, வாட்ச் காட்டும் துடிப்பு வழக்கத்தைவிட மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் அனுப்பிய பதிவை அப்புறம் திறந்து பார்த்தேன். வழக்கமாக 138இல் ஓடும் வேகத்துக்கு அன்று 147 தொட்டு, நடுவில் மூன்று முறை நடந்திருந்தார்.

சாயங்காலம் 6 மணிக்கு 37.9. புதன்கிழமை காலை 38.3, இடுப்பிலும் தொடையிலும் வலி, ஓய்வுத் துடிப்பு 71.

கழுத்துச் சோதனையை நம்ப முடியாத நாள் என்று ஒன்று உண்டென்றால் அது முதல் நாள்தான். சாதாரணச் சளி 2, 3 நாட்களில்தான் உச்சத்துக்குப் போகிறது. முதல் நாள் தொண்டைக் கரகரப்பு அங்கேயே நின்றுவிடுமா, மூக்கோடு போகுமா, காய்ச்சலில் போய் முடியுமா என்று அன்றைக்குத் தெரியாது. அவர் காலையில் சொன்னது அந்த நேரத்துக்கு உண்மைதான், சாயங்காலத்துக்குள் பொய்யாகிவிட்டது. அதனால் நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது இது: அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்தில், எவ்வளவு லேசாக இருந்தாலும் வேகப் பயிற்சி கிடையாது. ஒவ்வொரு நாள் காலையும் சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும். பானடோல் சாப்பிட்டுவிட்டுச் செய்த சோதனை கணக்கில் சேராது. பாரசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம் காய்ச்சலை மறைத்துவிடும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதை விழுங்கிவிட்டு வாட்சைப் பார்த்து முடிவெடுப்பதும் வீண்.

மலேசியாவில் காய்ச்சல் என்றால் இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். டெங்கியும் காய்ச்சல், உடம்பு வலி என்றுதான் தொடங்கும். அதனால் வலிக்கு ஐபுப்ரோஃபென் போட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். டெங்கியாக இருந்தால் அது ரத்தக்கசிவைக் கூட்டும். வீட்டில் இருந்த ஆர்டிகே கிட்டில் கோவிட் பார்த்தார், நெகடிவ். வியாழக்கிழமை காலையிலும் 37.8 இருந்ததால் கிளினிக் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கி இல்லை என்றார்கள், இரண்டு நாள் எம்சி கிடைத்தது. அன்று மதியம் எடுத்த பாரசிட்டமால்தான் கடைசி. வெள்ளிக்கிழமை முழுக்க மருந்து இல்லாமலே 36.8. அம்மா வைத்த மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியிருந்தார்.

இனி இரண்டாவது கேள்வி. வேக ஓட்டத்துக்கு எப்போது திரும்புவது? கழுத்துச் சோதனையைக் கேட்டால் சனிக்கிழமையே சரி என்று சொல்லிவிடும். காய்ச்சல் இல்லை, மூக்கில் கொஞ்சம் அடைப்பு, அவ்வளவுதானே. ஆனால் நான் கடைப்பிடிக்கும் வழக்கம் வேறு. மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு, காய்ச்சல் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாள் நடை மட்டும். இவருக்குச் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள். அதனால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அரை மணி நேர நடை. ஓய்வுத் துடிப்பு சனிக்கிழமை 61, திங்கள் 58, செவ்வாய் 57. ஏறக்குறைய பழைய நிலை.

ஓய்வுத் துடிப்பு இறங்கிவிட்டது, ஆகவே குணமாகிவிட்டது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. படுத்திருக்கும் உடம்பு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஓடும் உடம்புக்கு இன்னும் நாள் பிடிக்கும். அதை அளக்கத் தெரிந்த பாதையும் தெரிந்த வேகமும் வேண்டும். அவருக்கு அது தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் ஓடும் சுற்று. காலை 6.30 மணி, இருட்டு இன்னும் விலகாத நேரம், குரங்குகள்கூட இறங்கியிருக்காது. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் 25 நிமிடம் ஓடினால் நன்றாக இருக்கும் நாட்களில் சராசரித் துடிப்பு 138. ஒப்பிட வேண்டுமென்றால் அதே பாதை, அதே நேரம், அதே வேகம். காலை 9 மணி வெயிலில் ஓடினால் துடிப்பு வெயிலுக்காகவே கூடும், ஏர்கான் போட்ட ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடினால் குறையும். இரண்டுமே தவறான கணக்கைக் கொடுக்கும். புகைமூட்டம் இருக்கும் நாட்களிலும் இந்த ஒப்பீடு செல்லாது, தொண்டைக் கரகரப்பு சளியாலா புகையாலா என்பதே அப்போது குழம்பிவிடும்.

செவ்வாய்க்கிழமை அவர் அந்தச் சுற்றை ஓடினார், சராசரி 149. ஓய்வில் 1 துடிப்புதான் அதிகம், ஓட்டத்திலோ 11 அதிகம். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நோயின் மிச்சம் ஒன்று. சில நாள் ஓடாமல் இருந்தாலே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடும், அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் இந்த நிலையில் 800 மீட்டரை வேகமாக ஓடினால், வழக்கமான வேகத்தைப் பிடிக்க வழக்கத்தைவிட அதிகம் முக்க வேண்டிவரும். பயிற்சியின் பலன் கிடைக்காது, களைப்பு மட்டும் மிஞ்சும். வியாழக்கிழமை 144. சனிக்கிழமை 140. வழக்கத்துக்கு 3 துடிப்புக்குள் வந்தால் போதும் என்பது என் அளவுகோல். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் எண் ஏறாமல் இறங்குகிறதா என்றும் பார்ப்பேன்.

இதற்கு நடுவில் இருமல் ஒன்று இருந்தது. சளியின் கடைசியில் வரும் வறட்டிருமல் 2, 3 வாரம்கூட இழுக்கும், அது முழுதாகப் போகட்டும் என்று எல்லோராலும் காத்திருக்க முடியாது. அப்படியானால் எது மேலே, எது கீழே? படுத்தவுடன் தொண்டையில் சளி இறங்கி வரும் இருமல், எழுந்து உட்கார்ந்தால் நிற்கும் இருமல், மூக்கைச் சேர்ந்தது. நின்றுகொண்டு ஆழமாக மூச்சை இழுத்து, கடைசிச் சொட்டு வரை வெளியே விட்டால் இருமல் கிளம்புகிறது, அல்லது நெஞ்சு இறுகுகிறது என்றால் அது மூச்சுக்குழாயைச் சேர்ந்தது. வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாய் சில வாரம் தொட்டாற்சிணுங்கியாக இருக்கும். மெதுவோட்டத்தில் சும்மா இருக்கும், வேகமாக மூச்சு வாங்கும்போது சுருங்கிக்கொள்ளும். ஈரமும் சூடும் உள்ள நம் வெளிக்காற்று இதில் ஒரு வகையில் நமக்கு உதவி, ஏர்கான் அறையின் வறண்ட காற்று அதைச் சீண்டிவிடும். தங்கைக்கு வியாழக்கிழமை வரை ஆழ மூச்சில் இருமல் கிளம்பியது, சனிக்கிழமை கிளம்பவில்லை. வியாழக்கிழமையே 140 காட்டியிருந்தாலும் இந்த இருமலுக்காக நான் நிறுத்தி வைத்திருப்பேன்.

"இவ்ளோ நாள் போச்சே அண்ணே, எல்லாம் கரைஞ்சிருக்குமே" என்று அந்த வாரம் இரண்டு முறை கேட்டார். கரையவில்லை. 1984இல் எட்வர்ட் காயில் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை முழுதாக நிறுத்தி வைத்து அளந்தார்கள். 21 நாள் எதுவுமே செய்யாமல் இருந்ததில் ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத்திறன் 7 சதவீதம்தான் குறைந்தது. இவர் நடையும் மெதுவோட்டமுமாக இருந்தவர். விட்டது இரண்டு வேகப் பயிற்சி, ஒரு நீள ஓட்டம்.

திங்கள்கிழமை அதே கடலோரச் சாலையில் ஒரு முன்னோட்டம் வைத்தோம். 800 அல்ல. 3 நிமிடம் அரை மாரத்தான் வேகத்தில், 2 நிமிடம் நடை, இப்படி மூன்று முறை மட்டும். ஒவ்வொன்றும் முடிந்து நின்ற ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தோம். அவருக்கு வழக்கமாக 30 இறங்கும். அன்று 27, 29, 28. மூன்றாவதில் 15ஓ 18ஓ என்று சரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தி இன்னும் ஒரு வாரம் மெதுவோட்டத்துக்கு அனுப்பியிருப்பேன். நெஞ்சு வலியோ, துடிப்பு தாறுமாறாக அடிப்பதோ, தலைசுற்றலோ வந்திருந்தால் அது காத்திருந்து பார்க்கும் விஷயமே அல்ல, அன்றே கிளினிக் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். அவருக்கு அப்படி எதுவும் இல்லை.

முன்னோட்டத்தின் முடிவு அன்றைக்கே தெரியாது, மறுநாள் காலைதான் தெரியும். செவ்வாய்க்கிழமை எழுந்ததும் துடிப்பு 57, தூக்கம் சரி, தொண்டையில் கரகரப்பு திரும்பவில்லை. புதன் மெதுவோட்டம். வியாழக்கிழமை 800 ஓடினார், 6 அல்ல, 4. முதல் செய்தி அனுப்பிய நாளிலிருந்து அன்றோடு 16 நாள் ஆகியிருந்தது. நான்கும் பழைய நேரத்துக்கு 2 வினாடிக்குள் வந்தன. ஐந்தாவது ஓடட்டுமா என்று கேட்டார், அடுத்த வாரம் என்றேன்.